மேகச் சேமிப்பை வங்கி லாக்கராக விளக்கும்போது, போனில் அழிக்கும் படத்தைப் பற்றி என்ன சொல்வது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடைபெறும் கைப்பேசிப் பயிற்சி வகுப்பில் நான் தன்னார்வலராகப் பேசி வருகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். பீடி சுற்றுபவர்களும் பாய் முடைபவர்களும் வயல் வைத்திருப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும் ஒரே பெஞ்சில் அமர்ந்து கேட்கிறார்கள். சென்ற வகுப்பில் மேகச் சேமிப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அந்த உரையைக் கீழே தருகிறேன்.

“உங்கள் எல்லோர் வீட்டிலும் பீரோ இருக்கிறது. பத்திரத்தையும் நகையையும் அதில் வைத்துப் பூட்டுகிறீர்கள். ஆனால் வீட்டுக்கு ஒன்று நேர்ந்தால் பீரோவுக்கும் அதுவே நேரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது, பூட்டிய பீரோவுக்குள்ளேயே பத்திரமும் மதிப்பெண் பட்டியலும் ஊறிப்போனதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதனால்தான் சிலர் வங்கியில் லாக்கர் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் போனுக்குள் மட்டும் இருக்கும் படம் பீரோவில் இருக்கும் பொருளுக்குச் சமம். கூகுள் போட்டோஸ் போன்ற சேவை லாக்கருக்குச் சமம். எங்கோ தொலைவில் அந்த நிறுவனத்தின் கட்டடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் உங்கள் பெயருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. போன் கிணற்றில் விழுந்தாலும், வேறொரு போனில் அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைந்தால் படம் அங்கே இருக்கும். லாக்கருக்கு அளவு உண்டு. கட்டணமில்லாமல் கிடைப்பது 15 ஜி.பி. அதை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் சேர்ந்தே பயன்படுத்துகின்றன. ஒரு படம் 4 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், வேறெதுவும் இல்லாத நிலையில் ஏறத்தாழ 3,800 படங்கள் கொள்ளும். காணொளி எடுப்பவர்களுக்கு இது வெகு விரைவில் நிறைந்துவிடும். கடவுச்சொல்தான் சாவி. அதை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.”

பேசி முடித்ததும் பின் பெஞ்சில் இருந்த ஓர் அம்மா எழுந்து, “லாக்கரில் வைத்தாகிவிட்டது என்றால் பீரோவில் இருப்பதை எடுத்துவிடலாம்தானே? இடம் இல்லை, இடம் இல்லை என்று போன் தினமும் சொல்கிறதே” என்று கேட்டார். வங்கி லாக்கரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு நகை ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். படமோ இரண்டு இடத்திலும் இருக்கிறது, அந்த இரண்டுக்கும் இடையே ஒரு தொடர்பும் இருக்கிறது. லாக்கரை விட்டுவிடாமல் இந்தத் தொடர்பை எப்படிச் சொல்வது? அடுத்த வகுப்புக்கு முன் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நெல்லை வாசகன் எழுதியது:

அண்ணாச்சி, இதற்கு நேரான விடை ஒன்றே ஒன்றுதான். போனில் அழித்தால் கூகுளிலும் அழிந்துவிடும். எனவே “எடுத்துவிடலாமா” என்று கேட்ட அந்த அம்மாவிடம் “கூடவே கூடாது” என்று சொல்லிவிடுங்கள். லாக்கர் ஒப்புமை அந்த இடத்தில் முழுவதும் தவறிவிடுகிறது. வேறு ஒப்புமையைத் தேடுவது நல்லது.

இன்னொன்று, அந்த 15 ஜி.பி. கணக்கு மின்னஞ்சலுக்கும் டிரைவுக்கும்தான் பொருந்தும். “ஹை குவாலிட்டி” என்று தேர்ந்தெடுத்தால் படங்களுக்கு அளவே கிடையாது. நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் ஏற்றி வருகிறேன், இடப் பிரச்சினை ஒருநாளும் வந்ததில்லை.

மேலைக்காற்று எழுதியது:

நான் கோப்புச் சேமிப்பு அமைப்புகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். நெல்லை வாசகன் சொன்ன இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் வகுப்பில் ஆட்களைச் சிக்கலில் மாட்டிவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பற்றி. படங்களுக்கு வரம்பு இல்லை என்பது 2021 மே 31 வரை உண்மை. அதுவரை “ஹை குவாலிட்டி” தரத்தில் ஏற்றிய படங்கள் இன்றும் கணக்கில் சேர்வதில்லை, உங்களுக்குப் பிரச்சினை வராமல் இருப்பதற்கு அந்தப் பழைய படங்கள் காரணமாக இருக்கலாம். 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் ஒவ்வொரு படமும், எந்தத் தரத்தில் ஏற்றினாலும், 15 ஜி.பி.க்குள்தான் அடங்க வேண்டும். நிறைந்துவிட்டால் புதிய படம் ஏறாமல் நிற்பதோடு, ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும். ஆகவே அண்ணாச்சியின் உரையில் உள்ள கணக்கே சரியானது.

இனி அழிப்பதைப் பற்றி. “போனில் அழிப்பது” என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேறு செயல்கள். கூகுள் போட்டோஸ் செயலியைத் திறந்து, லாக்கருக்கு ஏறிவிட்ட ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தினால், அந்தப் படம் போனிலிருந்தும் போகும், கணக்கிலிருந்தும் போகும், அதே கணக்கில் இணைந்துள்ள மற்ற போன்களிலிருந்தும் போகும். அந்தச் செயலி பீரோவையும் லாக்கரையும் ஒரே திரையில் கலந்து காட்டுகிறது, அதனால் அங்கே அழிப்பது இரண்டையும் அழிப்பதாகிறது. இரண்டாவது, அதே செயலியில் படத்தைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘Delete from device’ என்பதைத் தேர்ந்தெடுப்பது, அல்லது கணக்குப் படத்தை அழுத்தி ‘Free up space’ என்பதைத் தேர்ந்தெடுப்பது. இவ்விரண்டும் போனில் உள்ள பிரதியை மட்டும் நீக்குகின்றன, லாக்கரில் உள்ளது அப்படியே இருக்கும். மேலும் ‘Free up space’ லாக்கருக்கு ஏறி முடிந்த படங்களை மட்டுமே நீக்கும், ஏறாதவற்றைத் தொடாது. மூன்றாவது, போன் நிறுவனத்தின் கேலரியிலோ கோப்பு மேலாண்மைச் செயலியிலோ அழிப்பது. அங்கே அழித்தால் பொதுவாக லாக்கர் பிரதி நிற்கும். ஆனால் அந்தப் படம் லாக்கருக்கு ஏறியிருந்ததா என்று அந்தச் செயலி பார்க்காது. ஏறாத படமாக இருந்தால் உலகில் இருந்த ஒரே பிரதி போய்விடும்.

அந்த அம்மாவுக்கு “கூடாது” என்று சொல்வதால் பயனில்லை. போனில் இடம் இல்லாமல் அவர் எதையாவது அழிக்கத்தான் போகிறார். எந்தக் கதவு வழியாக அழிக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தருவதே அவருக்கு உதவும்.

பத்தமடைக்காரி எழுதியது:

மேலைக்காற்று அண்ணன் எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதியதுபோல் இருந்தது.

என் அத்தை கோரைப் பாய் முடைபவர். முடித்த ஒவ்வொரு பாயையும், ஓரக் கரை, நடுவில் வரும் பெயர், சாய வண்ணம் எல்லாம் தெரியும்படி படமெடுத்து வைப்பார். திருமணப் பாய் கேட்டு வருபவர்களிடம் அந்தப் படங்களைக் காட்டித்தான் ஆர்டர் வாங்குகிறார், ஆகவே அவருக்கு அது கடையின் பெயர்ப்பலகைக்குச் சமம். அவருடைய போன் 32 ஜி.பி. கொண்டது. வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளே பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. “எல்லாம் கூகுளில் இருக்கிறது” என்று யாரோ சொன்னதை நம்பி, கூகுள் போட்டோஸைத் திறந்து பாய்ப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். பிறகு வாடிக்கையாளர் ஒருவர் பழைய மாதிரி ஒன்றைக் கேட்டபோது போனிலும் இல்லை, என் மடிக்கணினியில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தாலும் இல்லை.

குப்பைத்தொட்டியில் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. போட்டோஸ் செயலியில் ‘Trash’ என்றோ ‘Bin’ என்றோ ஒரு பகுதி இருக்கிறது, அவருடைய போனில் ‘Bin’ என்று இருந்தது. அழித்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்ததால் பாய்ப் படங்கள் எல்லாம் அங்கே கிடந்தன. தேர்ந்தெடுத்து ‘Restore’ கொடுத்ததும் திரும்பி வந்துவிட்டன.

ஆனால் எல்லாம் வரவில்லை. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த மாதிரிப் படங்கள், அதாவது “இந்த மாதிரி வேண்டும்” என்று அவர்கள் வரைந்தும் படமெடுத்தும் அனுப்பியவை, எங்கும் இல்லை. அவற்றை அத்தை வேறொரு செயலியில், போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒன்றில், அழித்திருந்தார். அவையும் கூகுளில் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏன் ஏறவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மேலைக்காற்று எழுதியது:

அத்தையின் படங்கள் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி அம்மா. லாக்கருக்கு ஏறிய படத்தை அழித்தால் அது குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். அதற்குப் பிறகு நிறுவனமே நினைத்தாலும் மீட்டுத் தருவது இல்லை என்றே கொள்ள வேண்டும். ஒன்றரை மாதத்தில் பார்த்தது நல்லதாயிற்று. தொட்டி நிறைந்திருக்கிறதே என்று அவர் அதைக் காலி செய்திருந்தால் அந்த 60 நாளும் கிடைத்திருக்காது.

வாட்ஸ்அப் படங்கள் ஏறாததற்குக் காரணம், கூகுள் போட்டோஸ் தானாக ஏற்றுவது கேமராவில் எடுக்கும் படங்களை மட்டுமே. வாட்ஸ்அப், திரைப்பிடிப்பு, பதிவிறக்கம் போன்றவை போனில் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கின்றன. அமைப்புகளில் ‘Backup’ பகுதிக்குள் சென்று ‘Back up device folders’ என்பதைத் திறந்து, வேண்டிய கோப்புறையை நாமே இயக்க வேண்டும். இயக்காத வரை அந்தப் படங்கள் செயலியின் திரையில் தெரியும், ஆனால் லாக்கரில் இருக்காது. வகுப்பில் மிகப் பலர் ஏமாறும் இடம் இதுதான். “கூகுள் போட்டோஸைத் திறந்தால் படம் தெரிகிறதே” என்பார்கள். தெரிவது பீரோவில் இருப்பதாலும் இருக்கலாம்.

ஏறியிருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. படத்தைத் திறந்து விரலால் மேல்நோக்கித் தள்ளினால் விவரம் வரும். அதில் ‘Backed up’ என்றும் அதன் அளவும் இருந்தால் லாக்கரில் இருக்கிறது. ‘On device’ என்று மட்டும் இருந்தால் போனில் மட்டுமே இருக்கிறது. இதைவிடவும் நம்பகமான சோதனை, வேறொரு கருவியில் பார்ப்பது. நூலகக் கணினியில் photos.google.com திறந்து அவர்களுடைய கணக்கில் நுழையச் செய்து, ஒரு குறிப்பிட்ட படம் அங்கே வருகிறதா என்று கண்ணால் காணச் செய்யுங்கள். முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறக்கக் கூடாது, அது பொதுக் கணினி.

வள்ளியூரான் எழுதியது:

லாக்கர் என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. டிஜிலாக்கரில் என் மகனின் மதிப்பெண் சான்றிதழையும் என் ஓட்டுநர் உரிமத்தையும் வைத்திருக்கிறேன். போனிலிருந்து அந்தச் செயலியையே நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன், எல்லாம் அப்படியே வந்தன. ஆகையால் அரசின் லாக்கரில் வைத்துவிட்டால் பீரோவில் இருப்பதை அழிக்கலாம் என்றே அந்த அம்மாவிடம் சொல்லலாமே? எதற்கு இத்தனை விவாதம்?

மேலைக்காற்று எழுதியது:

ஐயா, அண்ணாச்சி பேசுவது புகைப்படங்களும் கோப்புகளும் தானாக ஏறும் சேவையைப் பற்றி. நீங்கள் சொல்லும் டிஜிலாக்கர் வேறு வகை. அதில் ‘Issued Documents’ என்ற பகுதியில் வருவது உங்கள் போனிலிருந்து போனதல்ல. போக்குவரத்துத் துறையிடமோ தேர்வு வாரியத்திடமோ உள்ள பதிவிலிருந்து நேரே எடுத்துக் காட்டப்படுகிறது. அதனால்தான் செயலியை நீக்கினாலும் திரும்ப வருகிறது, சட்டப்படி மூலச் சான்றுக்கு நிகராகவும் ஏற்கப்படுகிறது. அதே செயலியில் நீங்களே படமெடுத்து ஏற்றி வைப்பது வேறு பகுதியில் இருக்கும், அதற்கு அந்தத் தகுதி இல்லை. வகுப்பில் “டிஜிலாக்கரில் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

உங்களால் ஒரு நன்மை, பெயரிலேயே லாக்கர் இருப்பதால் இந்தக் குழப்பம் வகுப்பிலும் வரும் என்று அண்ணாச்சி எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

பாளை ஓய்வூதியர் எழுதியது:

வங்கியில் லாக்கர் அறையைக் கவனித்துக்கொண்ட பழக்கத்தில் சில சொல்கிறேன். லாக்கர் என்றால் மக்கள் மனத்தில் சில உறுதிமொழிகளும் கூடவே வந்துவிடுகின்றன. அவை மேகச் சேமிப்புக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் அந்த ஒப்புமையைக் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை.

வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று எங்களிடம், ஒன்று வாடிக்கையாளரிடம். இரண்டும் சேராமல் திறக்க முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இயற்கைப் பேரிடரால் வந்த இழப்புக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாத நிலையில், அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நியமனதாரர் உண்டு. லாக்கர்தாரர் காலமானால் யார் வந்து திறக்கலாம் என்பது எழுத்தில் இருக்கும். இந்த மூன்றில் எது மேகத்தில் இருக்கிறது? மாதக் கட்டணமே இல்லாமல் வைத்திருக்கும் பொருளுக்கு யார் பொறுப்பு?

மேலைக்காற்று எழுதியது:

ஐயா எழுப்பிய மூன்றும் சரியான கேள்விகள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சாவியைப் பொறுத்தவரை, நிறுவனம் படங்களைக் குறியாக்கம் செய்தே வைக்கிறது. ஆனால் அந்தக் குறியாக்கத்தின் சாவியும் நிறுவனத்திடமே உள்ளது. நீங்கள் வராமலே அவர்களால் திறக்க இயலும். வங்கி லாக்கரோடு இந்த இடத்தில் ஒப்பிட முடியாது என்று நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது. இழப்பீட்டைப் பொறுத்தவரை, கட்டணமில்லாச் சேவையில் படம் போய்விட்டால் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு என்பதற்கு இணையாக எதுவும் கிடையாது. நியமனதாரருக்கு மட்டும் ஓரளவு ஏற்பாடு உண்டு. கூகுள் கணக்கின் அமைப்புகளில் ‘Inactive Account Manager’ என்று ஒன்று இருக்கிறது. 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவ்வளவு காலம் கணக்கு பயன்படுத்தப்படாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எந்தப் பகுதிகளை அவர் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரை குறிப்பிடலாம். நம் ஊரில் இதைச் செய்து வைத்தவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இதோடு இணைத்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகள் ஒரு கணக்கில் யாருமே நுழையவில்லை என்றால், அந்தக் கணக்கையும் அதில் உள்ளவற்றையும் நிறுவனம் நீக்கலாம். பழைய கணக்கில் பேரனின் குழந்தைப் பருவப் படங்களை வைத்துவிட்டுப் புதிய போனில் புதிய கணக்குத் தொடங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவ்வப்போது பழைய கணக்கில் நுழைந்து போட்டோஸைத் திறந்து பார்த்து வந்தாலே போதும்.

அம்பை ஆசிரியை எழுதியது:

ஆதார், பட்டா ஆகியவற்றின் படங்களை அதில் வைக்கலாமா என்று என் மாணவர்களின் பெற்றோர் கேட்கிறார்கள். நான் வைக்கலாம் என்கிறேன். வெள்ளத்தில் எல்லாம் போன பிறகு, எண் தெரிந்திருந்தவர்கள் மறு பிரதிக்கு விண்ணப்பிக்க அலைந்ததும், எண்ணே தெரியாதவர்கள் அலைந்ததும் ஒன்றல்ல. எண் தெரிய ஒரு படம் போதும்.

பாளை ஓய்வூதியர் எழுதியது:

ஆசிரியை சொல்வதன் தேவை எனக்குப் புரிகிறது, ஆனால் நான் உடன்படவில்லை. சாவி நிறுவனத்திடமும் இருக்கிறது என்று இப்போதுதான் படித்தோம். அதைவிடப் பெரிய ஆபத்து, கடவுச்சொல்லை ஒருவன் பறித்துவிட்டால் அடையாள ஆவணங்கள் ஒட்டுமொத்தமாக அவன் கைக்குப் போய்விடும். ஆதாரையே வைக்க வேண்டும் என்றால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி வைக்கலாம். பட்டாவை அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ள முடியும்.

அம்பை ஆசிரியை எழுதியது:

மறைக்கப்பட்ட ஆதாரில் எண் தெரியாது என்றால், எண் தொலைந்தவருக்கு அது உதவாதே ஐயா. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு முழுப் படத்தையே வைக்கலாம் என்பதுதான் என் எண்ணம். இதில் நாம் வேறுபடுகிறோம்.

நெல்லை வாசகன் எழுதியது:

2021 ஜூன் மாற்றத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. என் கணக்கைத் திறந்து பார்த்தேன், 15-இல் 13 ஜி.பி. நிறைந்திருக்கிறது. இன்னொரு ஐயம். எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது, எல்லோரும் போன் டேட்டாதான். அம்மாவின் போனில் ‘Backup’ இயக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்னபடி படத்தை மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் ‘On device’ மட்டுமே வருகிறது. இடம் இருக்கிறது, இயக்கத்திலும் இருக்கிறது, பிறகு ஏன் ஏறவில்லை?

மேலைக்காற்று எழுதியது:

இதுதான் நம் கிராமங்களில் மிகப் பொதுவாக நடப்பது. வைஃபை கிடைத்தால் மட்டுமே ஏற்று என்பது அந்தச் செயலியின் இயல்பான அமைப்பு. வீட்டில் வைஃபையே இல்லை என்றால் அது காத்துக்கொண்டே இருக்கும். ‘Backup’ அமைப்புகளுக்குள் மொபைல் டேட்டாவுக்கான பகுதி தனியாக இருக்கிறது, அதில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்து இயக்கலாம். அதில் உள்ள சிறு வரம்புகளில் நாளுக்கு ஒரு சில படங்களே ஏறும் என்பதால், கையில் நிறையப் படங்கள் தேங்கியிருந்தால் சில நாளைக்கு வரம்பை நீக்கிவிடுவது நல்லது. அம்மாவிடம் 1,500 படங்கள் தேங்கியிருக்கின்றன, ஒன்று 4 எம்.பி. என்று கொள்வோம். மொத்தம் 6,000 எம்.பி., அதாவது 6 ஜி.பி.க்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டத்தில் ஒரு ஜி.பி.யை இதற்கு விட்டால் ஆறு நாளில் ஏறி முடியும். இரவில் செருகியில் போட்டு வைத்துவிட்டு உறங்கச் சொல்லுங்கள். உங்களுடைய கணக்கில்தான் 2 ஜி.பி. மீதம், அம்மாவின் கணக்கு வேறு என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. லாக்கரை நான் விடப்போவதில்லை. பெஞ்சில் இருப்பவர்களுக்கு அது கைக்கு எட்டும் பொருள், வேறொன்றைத் தேடினால் அதற்கும் ஒரு மூலையில் இடறல் வரும். ஆனால் ஐயா சொன்னபடி, எங்கே பொருந்தாது என்பதை உரைக்குள்ளேயே சொல்லப் போகிறேன். மாற்றி எழுதிய பகுதி இது:

“வங்கி லாக்கரில் வைத்த நகை பீரோவில் இருக்காது. படமோ பீரோவிலும் இருக்கும், லாக்கரிலும் இருக்கும். லாக்கருக்குப் போனது பிரதி. கூகுள் போட்டோஸ் செயலி இரண்டையும் ஒரே அறையாகக் காட்டும். அங்கே நின்று குப்பைத்தொட்டியை அழுத்தினால் இரண்டு இடத்திலும் காலியாகும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் ‘Free up space’ என்ற கதவு வழியாகப் போங்கள். அதற்கு முன் ஒரு படத்தை மேல்நோக்கித் தள்ளி ‘Backed up’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தவறி அழித்துவிட்டால் 60 நாளுக்குள் குப்பைத்தொட்டிப் பகுதியில் தேடுங்கள், அதை நீங்களாகக் காலி செய்யாதீர்கள். இந்த லாக்கருக்கு இன்னொரு சாவி நிறுவனத்திடமும் இருக்கிறது. பொருள் போனால் பணம் தர யாரும் வரமாட்டார்கள். போனில் இருந்ததை நீக்கிய பிறகு உங்களிடம் இருப்பது ஒரே பிரதி. திருமணப் படம், மறைந்தவர்களின் படம் போல மீண்டும் எடுக்க முடியாதவற்றைப் பென்டிரைவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.”

இதற்குப் பிறகு ஆளுக்கொரு படத்தைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கும் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஆதார் பற்றிய விவாதத்தை உரையில் சேர்க்கவில்லை, கேட்டால் இரு பக்கத்தையும் சொல்வேன்.

பத்தமடைக்காரி எழுதியது:

நல்லா இருக்கிறது அண்ணாச்சி. ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: லாக்கர் யார் பெயரில் இருக்கிறது? அத்தையின் போனில் இருந்த கணக்கு, போன் வாங்கிய கடையில் ஒருவர் தொடங்கிக் கொடுத்தது. மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் அத்தைக்குத் தெரியாது. போன் உயிரோடு இருந்ததால் அதற்குள்ளிருந்தே அமைப்புகளுக்குப் போய்ப் புதிய கடவுச்சொல் வைத்தோம், மீட்பு எண்ணாக அவருடைய எண்ணைச் சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் என் மடிக்கணினியில் திறக்க முடிந்தது. அந்தப் போன் தண்ணீரில் விழுந்திருந்தால், லாக்கரில் எல்லாம் இருந்தும் எங்களால் நுழைந்திருக்க முடியாது.

மேலைக்காற்று எழுதியது:

மிகவும் தேவையான கேள்வி. போட்டோஸ் செயலியில் மேலே வலப்பக்கம் உள்ள வட்டத்தை அழுத்தினால் எந்த மின்னஞ்சல் கணக்கு என்று தெரியும், ஏற்றம் முடிந்ததா என்பதும் அங்கேயே இருக்கும். அந்த முகவரியை ஒரு நோட்டில் எழுதச் செய்யுங்கள். மகனின் கணக்கோ கடைக்காரர் தொடங்கிய கணக்கோ இருந்தால், கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் அன்றே மாற்றுவது நல்லது. மீட்பு எண்ணாக, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடும் எண்ணைக் கொடுக்க வேண்டாம். நீண்ட நாள் பயன்படுத்தாத எண் முடக்கப்பட்டுப் பிறகு வேறொருவருக்குப் போகக்கூடும், அப்போது கணக்கை மீட்கும் குறுஞ்செய்தியும் அவருக்கே போகும்.

மகனும் தாயும் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டிருக்கும் வீடுகளில் என்ன செய்வது என்பதற்கு மட்டும் என்னிடம் எளிய விடை இல்லை. தனிக் கணக்குத் தொடங்கினால் பழைய படங்களை மாற்ற வேண்டியிருக்கிறது, அப்படியே விட்டால் ஒருவர் அழிப்பது இருவருக்கும் அழிகிறது. வகுப்பில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள் அண்ணாச்சி, ஒருவருடையதை எடுத்துக்கொண்டு இங்கேயே படிப்படியாகப் பார்ப்போம்.